[கலைச்சொல்] நோய் இருந்தும் டி4 இயல்பாகக் காட்டும் பூனை: என்ன சொல் வைக்கலாம்?

கயல்விழி:

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தில் ஒரு விலங்கு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். வயதான பூனை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இரண்டு பக்கத்தில் ஒரு துண்டறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். தைராய்டு அளவுக்கு மேல் சுரக்கும் நோய்க்கு ‘மிகைத்தைராய்டு’ என்று வைத்துவிட்டேன். கேடயச் சுரப்பி என்று போட்டால் யாருக்கும் புரியாது. சிக்கல் அதில் இல்லை. நோய் இருக்கிறது, ஆனால் இரத்தத்தில் தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 இயல்பு எல்லைக்குள்ளேயே நிற்கிறது என்கிற நிலைக்குத்தான் சொல் கிடைக்கவில்லை.

அண்மையில் வந்த ஒரு பூனையைச் சொல்கிறேன். 14 வயது, பெண். ஓராண்டில் 4.4 கிலோவிலிருந்து 3.5 கிலோவுக்கு இறங்கிவிட்டது. பசிக்குக் குறைவில்லை, இரவெல்லாம் கத்தல். கழுத்தைத் தடவினால் சிறு முடிச்சு நழுவுகிறது. டி4 லிட்டருக்கு 44 நானோமோல். எங்கள் ஆய்வகத்தின் இயல்பு எல்லை 15 முதல் 60 வரை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 178 மைக்ரோமோல், சிறுநீரின் ஒப்படர்த்தி 1.018. தாளைப் பார்த்த வீட்டுக்காரர், “அப்போ தைராய்டு இல்லைதானே?” என்றார். அவருக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல வேண்டும்.

பிரபு:

‘மறைந்த மிகைத்தைராய்டு’ என்று வைக்கலாமே. இன்னொன்று, 44 என்றால் மிக மிக அதிகம் இல்லையா? இங்கே சென்னையில் என் பூனைக்கு 2.1 வந்தது. இயல்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சுந்தரம்:

தம்பி பிரபு, ‘மறைந்த’ என்றால் பெயருக்கு முன்னால் ‘அமரர்’ போடுகிற மாதிரி ஆகிவிடும். பூனை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. வேறொரு நோய் அளவைக் கீழே அமுக்கி வைத்திருக்கிறது என்பதுதானே பொருள்? ‘அமுக்க மிகைத்தைராய்டு’ என்பது என் பரிந்துரை.

ஜெயந்தி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மாமியாருக்கும் தைராய்டுதான். உடம்பு போட்டுவிட்டது, எப்போதும் அசதி, காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. பூனைக்கு மட்டும் எப்படி இளைக்கிறது? அதே மாத்திரையை அளவு குறைத்துக் கொடுப்பார்களா?

மருத்துவர் இளங்கோ:

ஜெயந்தி அம்மாவுக்கு முதலில். அந்த மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் மாமியாருக்குச் சுரப்பு குறைவு, மாத்திரை அதை ஈடு கட்டுகிறது. வயதான பூனைக்கு வருவது பெரும்பாலும் நேர் எதிர். சுரப்பியில் தீங்கற்ற கட்டி வளர்ந்து, மூளையின் கட்டளைக்குக் காத்திராமல் தானாகச் சுரந்துகொண்டே இருக்கும். நூற்றில் இரண்டு மூன்று பூனைகளுக்குத்தான் அது புற்றுநோய். நம் வீடுகளில் ‘தைராய்டு இருக்கு’ என்றாலே குண்டாவது என்று ஆகிவிட்டது. அதனால், கயல்விழி, துண்டறிக்கையின் முதல் வரியிலேயே ‘இளைக்கும்’ என்று எழுதிவிடுங்கள்.

பிரபு, உங்கள் அறிக்கை டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் வந்திருக்கும். அந்தப் பூனையின் 44-ஐ ஏறக்குறைய 13-ஆல் வகுத்தால் 3.4. உங்கள் பூனையின் 2.1-ஐ விட அதிகம்தான், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். கயல்விழி ஒரு சொல் கேட்கிறார். எனக்கு இரண்டு வேண்டும், ஏனென்றால் டி4 எல்லைக்குள் நிற்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நோய் இப்போதுதான் தொடங்குகிறது. டி4 ஒரு நாள் எல்லைக்கு வெளியே, மறுநாள் உள்ளே என்று ஏறி இறங்கும். இன்னொன்று, நோய் நன்றாக முற்றியிருக்கிறது, ஆனால் சிறுநீரகக் கோளாறோ வேறு நோயோ கூடவே இருந்து டி4-ஐக் கீழே இழுக்கிறது. எந்தப் பெரிய நோய் வந்தாலும் டி4 இறங்கும். சிறுநீரகம் கெட்ட 14 வயதுப் பூனைக்கு டி4 கீழ் எல்லையை ஒட்டி நின்றால் அதில் வியப்பில்லை. மேல் பாதியில், 44-இல் நிற்கிறதென்றால் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டையும் பிரிக்க, தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளைப்பக்கமிருந்து வரும் கட்டளை ஹார்மோனான டி.எஸ்.எச் உதவும். கட்டி முற்றிய பூனைக்கு அது அளக்க முடியாத அளவுக்கு, 0.03-க்கும் கீழே போயிருக்கும். தொடக்கநிலையில் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். அந்தச் சோதனை நாய்க்காகச் செய்யப்பட்டது என்பதால் நலமான சில பூனைகளிலும் 0.03-க்குக் கீழே காட்டும். அதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. இரத்தப் புரதத்தோடு ஒட்டாத டி4-ஐ மட்டும் அளக்கும் ஃப்ரீ டி4 சோதனையும் அப்படித்தான். நோயைத் தவறவிடுவது குறைவு, ஆனால் வேறு நோயுள்ள சில பூனைகளில் பொய்யாக ஏறும். மொத்த டி4 மேல் பாதியில் இருக்கும்போது ஃப்ரீ டி4-உம் ஏறியிருந்தால் நம்பலாம். மொத்த டி4 அடியில் கிடக்க ஃப்ரீ டி4 மட்டும் ஏறியிருந்தால் நான் நம்பமாட்டேன்.

துஷ்யந்தன்:

> ‘அமுக்க மிகைத்தைராய்டு’ என்பது என் பரிந்துரை.

சுந்தரம் ஐயா, இலங்கைத் தமிழில் அமுக்கம் என்றால் பிரஷர். குருதி அமுக்கம் என்றுதான் சொல்லுவம். இந்த நோயில் பூனைக்குப் பிரஷரும் ஏறும், கண் பார்வை கூடப் போகும். இந்தச் சொல்லைப் போட்டால் எங்கட ஆக்கள் அதைத்தான் நினைப்பினம்.

இங்கே கனடாவில் என் பூனைக்கு அயோடின்-131 ஊசி போட்டனாங்கள். ஒரேயொரு ஊசி, தோலுக்கு அடியில. கதிர்வீச்சு குறையும் மட்டும் சில நாள் அங்கேயே வைத்திருந்தவை. வீட்டுக்கு வந்த பிறகும் மண்தட்டுக் கழிவைத் தனியாகச் சேர்த்து வைக்கச் சொன்னவை. செலவு பெரிசு, ஆனால் அதற்குப் பிறகு மாத்திரையே இல்லை. ஏன் எல்லாருக்கும் இதையே செய்யக்கூடாது?

பிரபு:

சிறுநீரகம் கெட்ட பூனைக்கு மிகைத்தைராய்டு நல்லது என்று படித்திருக்கிறேன். இரத்த ஓட்டம் கூடி சிறுநீரகம் வேலை செய்துகொண்டே இருக்குமாம். தைராய்டைக் குறைத்தால் சிறுநீரகம் போய்விடும். அப்படியானால் கயல்விழியின் பூனையைத் தொடாமல் விடுவதுதானே சரி?

மருத்துவர் இளங்கோ:

பிரபு சொல்வதில் பாதி சரி. தைராய்டு மிகையானால் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் கூடும். தசையும் கரைவதால் கிரியேட்டினின் இன்னும் குறைவாகக் காட்டும். சிகிச்சை கொடுத்ததும் இரண்டும் திரும்பி, உள்ளே இருந்த கோளாறு வெளியே தெரியும். சிகிச்சை புதிதாக ஒன்றைக் கெடுத்ததாக அர்த்தமில்லை. அந்தக் கூடுதல் ஓட்டமும் அழுத்தமும் நாளடைவில் சிறுநீரகத்தையே தேய்க்கும் என்பதால், தொடாமல் விடுவதை இப்போது யாரும் பரிந்துரைப்பதில்லை.

கவனியுங்கள், இங்கே இரண்டு நோயும் ஒன்றையொன்று மூடுகின்றன. சிறுநீரகம் டி4-ஐக் கீழே இழுத்து தைராய்டை மூடுகிறது. தைராய்டு கிரியேட்டினினைக் குறைத்து சிறுநீரகத்தை மூடுகிறது. ‘மறை’, ‘ஒளி’ என்று பொதுவாக வைத்தால் எது எதை மறைக்கிறது என்று தெரியாது. சொல்லிலேயே அது வரவேண்டும்.

துஷ்யந்தன் கேட்டதற்கும் இதில்தான் பதில். அயோடின்-131 கட்டியை மட்டும் அழிப்பது ஏன்? டி.எஸ்.எச் இல்லாததால் நல்ல திசு தூங்குகிறது, அயோடினை எடுப்பதில்லை. கட்டிதான் எடுக்கிறது, அதிலிருந்து கிளம்பும் பீட்டா கதிர் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பூனைகள் அந்த ஒரு ஊசியில் குணமாகின்றன. ஆனால் தொடக்கநிலைப் பூனைக்கு டி.எஸ்.எச் மிச்சம் இருக்கும், நல்ல திசுவும் விழித்திருக்கும். அதே ஊசி அதையும் அழித்துப் பூனையைக் குறைத்தைராய்டில் தள்ளலாம். மாத்திரையால் நீண்ட நாள் நன்றாகக் கட்டுப்பட்ட பூனையிலும் டி.எஸ்.எச் மறுபடி தலைதூக்கும். ஊசிக்கு ஓரிரு வாரம் முன்பே மாத்திரையை நிறுத்தச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு சொல் வேண்டும் என்று நான் அடம் பிடிப்பது இதற்காகத்தான்.

கயல்விழி:

டாக்டர், அந்தப் பூனையின் மீதிக் கதை இது. ஃப்ரீ டி4 எல்லைக்கு மேலே, டி.எஸ்.எச் 0.03-க்குக் கீழே. நீங்கள் சொன்ன இரண்டாம் வகைதான். ஊசி போட்டால் திரும்ப முடியாது என்பதால் முதலில் சுரப்பைக் குறைக்கும் மெதிமசோல் மாத்திரை கொடுத்துப் பார்த்தோம், 2.5 மில்லிகிராம் காலையும் மாலையும். மூன்று வாரம் கழித்து டி4 9-க்கு இறங்கியது, கிரியேட்டினின் 262-க்கு ஏறியது. வீட்டுக்காரர் கலங்கிவிட்டார். ஆனால் டி.எஸ்.எச் எல்லைக்கு மேலே போயிருந்தது. அளவைப் பாதியாக்கியதும் அடுத்த சோதனையில் டி4 26, கிரியேட்டினின் 215, எடை 3.8 கிலோ. இரவுக் கத்தலும் நின்றுவிட்டது.

மருத்துவர் இளங்கோ:

அருமையான எடுத்துக்காட்டு. 262-இல் ஒரு பகுதி சிறுநீரகத்தினுடையது, மீதி டி4 அளவுக்கு மீறி இறங்கியதால் வந்தது. கிரியேட்டினின் ஏறியதும் டி.எஸ்.எச்சைப் பார்க்காமல் ‘சிறுநீரகம் போச்சு’ என்று சொல்லிவிடும் தவறு நிறைய நடக்கிறது. மாத்திரையின் பெரிய வசதியே இப்படிப் பின்வாங்க முடிவதுதான். ஆனால் முதல் மூன்று மாதம் வாந்தி, முகத்தைப் பிறாண்டிப் புண்ணாக்குவது, வெள்ளணு குறைவது ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். கட்டி வளர்வதையும் மாத்திரை நிறுத்தாது.

ஜெயந்தி:

மாத்திரையை விழுங்க வைப்பது எங்கள் வீட்டில் ஒரு போர். உணவாலேயே சரி செய்ய முடியாதா?

மருத்துவர் இளங்கோ:

அயோடின் மிகக் குறைத்த உணவு ஒன்று இருக்கிறது, கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் அளவில். சுரப்பிக்கு மூலப்பொருள் கிடைக்காமல் டி4 இறங்கும், பொதுவாக ஒன்றிரண்டு மாதம் ஆகும். தொடக்கத்திலேயே டி4 மிக அதிகமாக இருந்தால் எல்லைக்குள் வராமலும் போகலாம். முக்கியமான நிபந்தனை, அதைத் தவிர வேறு எதுவும் வாயில் போகக்கூடாது. ஒரு துண்டு கருவாடு விழுந்தாலும் கணக்கு கெடும். வெளியே சுற்றும் பூனைக்கும், நாலு பூனை ஒரே தட்டில் தின்னும் வீட்டுக்கும் சரிவராது. தனியாக வீட்டுக்குள்ளேயே இருந்து, மாத்திரையும் ஒத்துக்கொள்ளாத பூனைக்குத் தருவேன். விழுங்க வைப்பதுதான் சிக்கல் என்றால் மெதிமசோலைக் காது மடலின் உட்புறத்தில் தடவும் களிம்பாகவும் தரலாம். கையுறை போட்டுக்கொண்டு தடவ வேண்டும்.

சுந்தரம்:

துஷ்யந்தன் சொன்ன பிறகு ‘அமுக்க’த்தை விட்டுவிட்டேன். டாக்டர் பேச்சிலேயே சொல் கிடக்கிறது. முற்றியதற்கு ‘நோய்மூடிய மிகைத்தைராய்டு’. சிறுநீரகம்தான் காரணம் என்று தெரிந்தால் ‘சிறுநீரகம் மூடிய’ என்று போடலாம். எதிர்ப்பக்கத்துக்குத் ‘தைராய்டு மூடிய சிறுநீரகக் கோளாறு’. தொடக்கத்துக்கு ‘அரும்பு மிகைத்தைராய்டு’. அரும்பு மீசை என்கிறோமே, இருக்கு ஆனா இன்னும் தெரியல.

துஷ்யந்தன்:

‘மூடிய’ எங்களுக்கும் விளங்கும். ‘அரும்பு’ எனக்குப் பிடிக்கேல்ல. வருத்தத்துக்குப் பூவின்ர பேரா? ‘தொடக்கநிலை’ என்றே இருக்கட்டும்.

கயல்விழி:

‘மூடிய’ இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். ‘அரும்பு’, ‘தொடக்கநிலை’ இரண்டில் எது என்று இன்னும் பேசலாம். மாத்திரையால் டி4 9-க்கு இறங்கியதே, அதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘குறைத்தைராய்டு’ என்று மட்டும் எழுதினால் ஜெயந்தி அக்காவின் மாமியார் நோயும் இதுவும் ஒன்றாகிவிடும். ‘மருந்துவழி’ என்று முன்னால் போட்டால் அயோடின் ஊசியால் வந்ததும் அதில் அடங்குமா, டாக்டர்?

மருத்துவர் இளங்கோ:

அடங்காது. மருந்தால் வந்தது அளவைக் குறைத்தால் போகும். ஊசியால் வந்தது சில மாதத்தில் தானே மாறலாம். மாறாவிட்டால் பூனைக்கும் ஜெயந்தி அம்மா வீட்டு மாத்திரை போன்ற ஒன்றைத்தான் கொடுக்க வேண்டிவரும், பூனைக்குரிய அளவில். ‘சிகிச்சைவழி’ என்றால் இரண்டுக்கும் பொதுவாக இருக்கும். ஐயா என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.