நிரல்வரைவா, விதிவரைதலா: ஐந்து புள்ளிக் கோலத்துக்கு ஒரு சொல்

மல்லிகா:

எல்லோருக்கும் வணக்கம். கோடை விடுமுறையில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பைத்தான் சொல்லித்தருகிறேன். படம் வேண்டுமென்றால் உடனே படம் தரும் செயலியில் நாலு வார்த்தை எழுதிக் கேட்கிறார்கள். சிக்குக் கோலம் கேட்டுப் பார்த்தோம். தூரத்திலிருந்து அழகாகத்தான் இருந்தது, ஆனால் விரலை வைத்துக் கோட்டைத் தொடர்ந்து போனால் ஓரிடத்தில் கோடு அறுந்து நிற்கிறது, இன்னோரிடத்தில் ஒரே சுழி இரண்டு புள்ளியை விழுங்கியிருக்கிறது. சரி, நாமே வரையலாம் என்று டர்ட்டிலை வைத்து 1-3-1 நேர்ப்புள்ளிக் கோலம் போட்டோம்:

```python
import turtle as t
s = "-X--X"
for _ in range(2):
    s = s.replace("X", "XFX--XFX")
for c in s:
    if c == "F": t.forward(40)
    if c == "-": t.right(45)
t.done()
```

கோடு எங்கும் அறாமல் ஐந்து புள்ளியையும் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. இப்படிப் படச் செயலி இல்லாமல் நிரலால் படம் போடுவதை ஆங்கிலத்தில் ப்ரொசீஜுரல் டிராயிங் என்கிறார்கள். பாடக் குறிப்பில் ‘நிரல்வரைவு’ என்று எழுதியிருக்கிறேன். அச்சுக்குப் போகும் முன் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் இந்த மடல்.

கவிதா:

மல்லிகா, இதற்கு எதற்குப் புதுச் சொல்? எங்கள் வீட்டில் அம்மா ‘கம்பிக் கோலம்’ என்பார், மாமியார் வீட்டில் ‘நெளிக் கோலம்’. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே. அப்புறம் ஒரு கேள்வி. நான் தையல் மெஷினில் எம்ப்ராய்டரி போடுகிறேன், இந்தக் கோட்டை அப்படியே மெஷினுக்குக் கொடுக்க முடியுமா? நூல் அறாமல் ஒரே ஓட்டத்தில் வந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

மல்லிகா:

அக்கா, நான் கேட்பது கோலத்தின் பெயரை இல்லை, வரைகிற முறைக்கு. இதே முறையில் மரம், ஓடு, பாய்ப் பின்னல் எதையும் வரையலாம் இல்லையா, அது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சொல்.

பிரபு:

கவிதா அக்கா, தாராளமாகக் கொடுக்கலாம். சிக்குக் கோலம் என்றாலே ஒரே இழைதானே, எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் நூல் அறவே அறாது. மல்லிகா, ‘நிரல்வரைவு’ நன்றாக இருக்கிறது, என் ஓட்டு அதற்கே.

சுந்தரம்:

பிரபு, இந்த 1-3-1 ஒரே இழை என்பது சரி. எல்லாச் சிக்குக் கோலமும் அப்படி இல்லை. செவ்வகமாகப் புள்ளி வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும்படி போட்டால், எத்தனை இழை வரும் என்பதை அந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி சொல்லிவிடும். 3-க்கு 4 வைத்தால் ஒன்று. 4-க்கு 6 வைத்தால் இரண்டு. 4-க்கு 4 வைத்தால் நான்கு தனித்தனி இழை. கவிதா, 4-க்கு 4 தைத்தால் நூலை மூன்று முறை வெட்டி மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். 4-க்கு 5 எடுத்துக்கொண்டால் ஒரே ஓட்டம்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘நிரல்வரைவு’ எனக்கு ஒப்புதல் இல்லை, இரண்டு காரணம். படச் செயலியும் நிரல்தானே? உன் முறையை எதிலிருந்து பிரித்துக் காட்ட நினைக்கிறாயோ, அதற்கும் இந்தச் சொல் பொருந்திவிடுகிறது. இரண்டாவது, ‘வரைவு’ என்றதும் யாருக்கும் வரைவு அறிக்கை, வரைவு மசோதாதான் நினைவுக்கு வரும், முடியாத வேலை என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உன் நிரலில் கோலம் எங்கே இருக்கிறது என்று பார். `forward`-இல் இல்லை, `right`-இல் இல்லை. X இருக்கும் இடத்தில் எல்லாம் `XFX--XFX` என்று மாற்றி எழுது என்கிற அந்த எட்டு எழுத்தில் இருக்கிறது. அது ஒரு விதி. 1974-லேயே கிப்ட் சிரோமனி, ராணி சிரோமனி, கமலா கிருதிவாசன் மூவரும் கோலத்துக்கு இலக்கணம் எழுத முடியும் என்று கட்டுரை வெளியிட்டார்கள், வாக்கியத்துக்கு எழுதுவது போலவே. ஆகவே ‘விதி’ சொல்லுக்குள் வரட்டும். ‘விதிவரைதல்’ என் முன்மொழிவு.

பிரபு:

மீ.பொ.வ. விஷயம் எனக்குத் தெரியாது ஐயா, 4-க்கு 4 தாளில் போட்டுப் பார்த்தேன், நான்குதான் வருகிறது. ஆனால் ‘விதி’ என்றால் பிள்ளைகளுக்குத் தலைவிதி என்று படாதா?

சுந்தரம்:

சாலை விதி, புணர்ச்சி விதி என்று பள்ளியிலேயே படிக்கிறார்கள், குழப்பம் வராது.

மல்லிகா:

ஐயா, நீங்கள் சொன்ன பிறகு ‘நிரல்’ எனக்கும் உறுத்துகிறது. அதற்கு முன் ஒரு சிக்கல். மேலே கொடுத்த நிரல் முனை முனையாகத்தான் வரைகிறது, கோலத்தில் முனை ஏது? ஒவ்வொரு `--` இடத்திலும் `t.circle(-20, 90)` போட்டு வளைக்கப் பார்த்தேன். நடுப்புள்ளிக்கு இடமே இல்லாமல் போயிற்று, குறுக்கே போகும் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டன. போதாததற்கு ஒரு மூலை திறந்தே நிற்கிறது.

சுந்தரம்:

வளைவு தன் பங்குக்கு இரண்டு பக்கமும் 20 நீளம் கூட்டிவிடுகிறது. நீ அதை நேர்க்கோட்டிலிருந்து கழிக்கவில்லை. குட்டிச் சுழியின் பக்கம் 40 இருக்க வேண்டியது 80 ஆகிறது, நீளமான கோடு 120 இருக்க வேண்டியது 160. நூற்று அறுபதில் இரண்டு எண்பது போனால் நடுவில் மிச்சம் சுழியம். வழி இதுதான்: ஒவ்வொரு F-ஐயும் இரண்டு பாதியாக உடை, மூலைக்கு இருபுறமும் இருக்கும் பாதிகளை வளைவு எடுத்துக்கொள்ளட்டும்.

```python
import turtle as t
s = "X--X"
for _ in range(2):
    s = s.replace("X", "XFX--XFX")
s = s.replace("X", "").replace("F", "ff")
s = s[1:] + "--" + s[0]
s = s.replace("f--f", "o")
t.right(45)
for c in s:
    if c == "f": t.forward(20)
    if c == "o": t.circle(-20, 90)
t.done()
```

திறந்த மூலைக்கு மருந்து நடுவில் இருக்கும் `s[1:]` வரி. கடைசிக் கோட்டுக்கும் முதல் கோட்டுக்கும் இடையே உள்ள திருப்பம் உன் சரத்தில் எழுதப்படவே இல்லை. முனையாக வரையும்போது இரண்டு கோடும் ஒரே இடத்தில் முட்டுவதால் தெரியவில்லை, வளைத்ததும் வெளியே வந்துவிட்டது. சரியாக வந்ததா என்று அறிய `s.count("o")` பார், 12 இருக்க வேண்டும். 11 என்றால் ஒரு மூலை விட்டுப்போயிற்று.

மல்லிகா:

12 வந்துவிட்டது ஐயா! வாசலில் போட்ட மாதிரியே இருக்கிறது. புள்ளிகளை 40 இடைவெளியில் வைத்தேன், நடுப்புள்ளி மட்டும் சரியாக உட்கார்ந்தது, மற்ற நான்கும் சுழியின் நடுவில் இல்லாமல் உள்பக்கம் தள்ளி நின்றன. அப்புறம்தான் உறைத்தது, கோடு சாய்வாகப் போகிறது, புள்ளிக்குப் புள்ளி தூரம் மூலைவிட்டம். 57 வைத்ததும் எல்லாம் நடுவில் வந்தன.

குறிப்பில் ‘விதிவரைதல்’ என்று மாற்றிவிட்டேன். செயலுக்கு அது சரி. வரைந்து கிடைக்கும் படத்துக்கு என்ன சொல்வது? ‘விதிப்படம்’ காதுக்கு ஒட்டவில்லை.

பிரபு:

‘விதியோவியம்’?

கவிதா:

ஓவியம் என்றால் தூரிகை நினைவு வருகிறது. மாக்கோலத்தை ‘இழைக்கிறது’ என்போம், அந்த ‘இழை’ வரும்படி யோசியுங்களேன். நான் 4-க்கு 5 தைத்துப் பார்க்கப் போகிறேன். சுந்தரம் ஐயா, கோடு தன்னைத்தானே வெட்டும் இடத்தில் நூல் மேலே எது கீழே எது என்பதையும் விதியிலேயே எழுத முடியுமா?

சுந்தரம்:

ஒன்று விட்டு ஒன்று மேலே, கீழே என்று போனால் இந்த ஐந்து புள்ளிக்குச் சரியாக வரும், நான்கே வெட்டுகள்தான். ஆனால் ஒரே இடத்துக்குக் கோடு இரண்டாம் முறை வருகிறது என்பதை இந்தச் சரம் அறியாது, ஆமை போன இடங்களைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும். ‘இழை’ நல்ல யோசனை, மரத்துக்கும் ஓட்டுக்கும் அது பொருந்துமா என்பதுதான் எனக்கு ஐயம்.