‘ஏர்டைம் ஃபேர்னஸ்’: தமிழில் எப்படிச் சொல்வது?

தேன்மொழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் `Airtime Fairness` என்று ஒரு தெரிவு இருக்கிறது. முதலில் ‘வேகச் சமநிலை’ என்று எழுதினேன்; பிறகு மனம் ஒப்பவில்லை. மெதுவான கருவி ஒன்று வந்து சேர்ந்தால் மற்றவர்களின் வேகமும் விழுந்துவிடும், இந்தத் தெரிவு அதைத் தடுக்கும் என்கிறது அருகிலுள்ள குறிப்பு. ஏன் விழுகிறது என்று விளங்காமல் சொல்லாக்க எனக்கு விருப்பமில்லை. தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

அருளப்பன் எழுதியது:

இது எளிய சங்கதிதான் அம்மா. பழைய கருவிக்குப் புதிய வைஃபை புரியாது. அதற்காக ரௌட்டர் தன் வேகத்தையே குறைத்துக்கொள்கிறது. எல்லோரும் அந்த வேகத்தில்தான் போக வேண்டும். ‘வேகக் காப்பு’ என்று வைக்கலாம்.

கண்ணன் எழுதியது:

அருளப்பன் ஐயா சொல்வதில் ஒரு பகுதி உண்மை. 1999ஆம் ஆண்டின் 802.11b கருவி ஒன்று அருகில் இருந்தால், புதிய கருவிகள் ஒவ்வொரு முறை அனுப்பும் முன்பும் அதற்குப் புரியும்படி ஓர் அறிவிப்பைக் கொடுக்க வேண்டியிருக்கும். அதில் கொஞ்சம் நேரம் வீணாகும். ஆனால் ரௌட்டர் எல்லோருடனும் ஒரே வேகத்தில் பேசுவதில்லை; ஒவ்வொரு கருவியுடனும் அதற்கு இயன்ற வேகத்திலேயே பேசுகிறது. நோய் வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரே தடத்தில், அதாவது ஒரே வைஃபை அலைவரிசையில், இருப்பவர்களில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் அனுப்ப முடியும். வைஃபையின் வழக்கமான விதி எல்லோருக்கும் சம வாய்ப்புத் தருகிறது. ஒரு வாய்ப்புக்கு ஒரு பொட்டலம். அதை அனுப்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று விதி பார்ப்பதில்லை.

1500 பைட் பொட்டலம் என்றால் 12,000 பிட். நொடிக்கு 54 மெகாபிட் வேகமுள்ள மடிக்கணினிக்கு அதை அனுப்ப 222 மைக்ரோநொடி போதும். 1 மெகாபிட் வேகமுள்ள பழைய கருவிக்கு 12,000 மைக்ரோநொடி வேண்டும். இருவருக்கும் மாறி மாறி ஒவ்வொரு பொட்டலம் போகிறது என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு 12,222 மைக்ரோநொடி. அதில் மடிக்கணினிக்குக் கிடைத்தது 12,000 பிட் மட்டுமே. அதாவது நொடிக்கு ஒரு மெகாபிட்டுக்கும் சற்றுக் குறைவு. பழைய கருவிக்கும் அதே அளவுதான். (இடைவெளிகளையும் ஒப்புகைகளையும் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்த்தால் இன்னும் குறையும்.)

கவனியுங்கள் தேன்மொழி: வேகம் இங்கே ஏற்கெனவே சமமாகிவிட்டது. அந்தச் சமம்தான் நோய். ‘வேகச் சமநிலை’ என்று எழுதினால் மருந்துப் புட்டியில் நோயின் பெயரை ஒட்டியதாகிவிடும்.

மருந்து, நேரத்தைச் சமமாகப் பிரிப்பது. ஒவ்வொரு நொடியிலும் பாதி இவருக்கு, பாதி அவருக்கு. அப்போது மடிக்கணினிக்கு 27 மெகாபிட், பழைய கருவிக்கு அரை மெகாபிட். பழையது தன்னிடமிருந்ததில் ஏறத்தாழப் பாதியை இழக்கிறது. மற்றது இருபத்தேழு மடங்குக்கு மேல் பெறுகிறது. சொல்லில் ‘நேரம்’ கண்ணுக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சுலோசனா எழுதியது:

‘ஏர்டைம்’ என்பதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறதே: ஒலிபரப்பு நேரம். தேர்தல் காலத்தில் தூர்தர்ஷனிலும் வானொலியிலும் கட்சிகளுக்கு நேரம் ஒதுக்குவார்கள். அங்கீகாரம் பெற்ற எல்லாக் கட்சிக்கும் அடிப்படையாக ஓர் அளவு, அதற்கு மேல் முந்தைய தேர்தலில் பெற்ற வாக்கைப் பொறுத்துக் கூடுதல். ‘ஒலிபரப்பு நேர ஒதுக்கீடு’ என்று போடுங்கள்.

தேன்மொழி எழுதியது:

சுலோசனா அக்கா, வைஃபையில் ஒலியும் இல்லை, நிகழ்ச்சியும் இல்லை. படிப்பவர் வானொலியைத்தான் நினைப்பார். ‘அலைநேரம்’ என்று யோசித்தேன். ஆனால் பள்ளி இயற்பியலில் ஊசலுக்கு ‘அலைவு நேரம்’ என்று படித்திருக்கிறோம். இரண்டும் ஒட்டிக்கொண்டு குழப்பும். ‘காற்றுநேரம்’ எந்தப் பொருளையும் தரவில்லை. ‘தடநேரம்’ எப்படி இருக்கிறது? தடத்தைப் பிடித்திருக்கும் நேரம்.

தங்கவேல் எழுதியது:

நான் மொழி அறிந்தவன் அல்லன். ஓர் அச்சகத்தின் வலையமைப்பைப் பார்த்துக்கொள்கிறேன். ‘பழைய கருவி’ என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். எங்கள் இடத்தில் வேகத்தைக் குடித்தது புத்தம் புதிய கைப்பேசி. இரண்டு கான்கிரீட் சுவர்களுக்குப் பின்னால் இருந்தது. ரௌட்டரில் இப்படிப் பார்த்தேன்:

```
iw dev wlan0 station dump
```

வடிவமைப்பாளரின் மடிக்கணினிக்கு `tx bitrate: 144.4 MBit/s`. அந்தக் கைப்பேசிக்கு `tx bitrate: 6.5 MBit/s`. அதே அளவு தரவுக்கு அது இருபத்திரண்டு மடங்கு நேரம் எடுக்கிறது. கைப்பேசியில் படம் ஓடும்போதெல்லாம் வடிவமைப்பாளர் என் மேசைக்கு வந்து நிற்பார். தெரிவை இயக்கியதும் அவர் வருவது நின்றது. கைப்பேசிக்காரர் வரத் தொடங்கினார்.

என் ஊரில் ஏரி நீரை முறை வைத்து விடுவார்கள். நீர்க்கட்டி மடையைத் திறந்து, ஆளுக்கு இத்தனை மணி என்று விடுவார். கடைமடை வயலுக்குப் போகும் வாய்க்காலில் தண்ணீர் கசிந்துபோகும். அதே ஒரு மணியில் அவனுக்கு நீர் குறைவாகத்தான் சேரும். வயல் நிரம்பும்வரை விடுவது என்று வைத்தால் கடைமடைக்காரனுக்காக ஊரே காத்திருக்கும். கண்ணன் சொன்ன கணக்கு எனக்கு இப்படித்தான் விளங்கியது. ‘முறைநேரம்’ என்று வைத்தால் என்ன?

ஒன்று கேட்க வேண்டும். தெரிவை இயக்கிய பிறகும் வாசலில் உள்ள கேமரா மட்டும் அடங்கவில்லை. ஏன்?

கண்ணன் எழுதியது:

தங்கவேல் அண்ணா, நீர்க்கட்டியால் தன் மடையைத்தான் மூட முடியும். ரௌட்டர் தான் அனுப்புவதை மட்டுமே நேரம் பார்த்துப் பிரிக்கிறது. கேமரா தானாக மேலே அனுப்புகிறது. அது தடத்துக்குப் போட்டியிடும்போது பழைய ‘ஒரு வாய்ப்பு, ஒரு பொட்டலம்’ விதிதான். 2017இல் லினக்ஸின் `ath9k` இயக்கியில் வந்த முறை, கருவி எடுத்துக்கொண்ட நேரத்தை, அது அனுப்பியதையும் சேர்த்து, மைக்ரோநொடிக் கணக்கில் அதன் பற்றில் எழுதுகிறது. பற்று மிகுந்தால் ரௌட்டரிடமிருந்து அதற்கு வரவேண்டியவை காத்திருக்கும். தரவை மேலே அனுப்புவதே அன்றிக் கீழே இறக்காத கேமராவை அது தொடாது. கேமராவுக்குக் கம்பி இழுங்கள், அல்லது அதற்கு அருகே இன்னொரு அணுகுமுனையை வேறு தடத்தில் வையுங்கள்.

‘முறைநேரம்’ நெஞ்சில் நிற்கும் சொல். ஆனால் முறை என்றால் முன்பே எழுதிவைத்த வரிசை என்று பொருள்படுமே. வைஃபையில் அப்படி வரிசை இல்லை. யாருக்கு எப்போது கிடைக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே நான் ‘தடநேரம்’ பக்கம்.

அருளப்பன் எழுதியது:

தடநேரம் சரி, ஏற்கிறேன். ‘ஃபேர்னஸ்’ என்ற பாதிக்கு என்ன? நேர்மை என்றால் பொய் சொல்லாமை. நடுவுநிலைமை நீதிமன்றத்துக்குப் பொருந்தும். கைப்பேசிக்காரரின் பக்கம் நின்று பார்த்தால் இதை நியாயம் என்றும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தேன்மொழி எழுதியது:

அதனால்தான் ‘பங்கீடு’ என்ற சொல்லுக்கு வருகிறேன். அது யாருக்கும் நியாயம் கற்பிக்காமல், நடப்பதை மட்டும் சொல்கிறது. இப்போதைக்குத் தெரிவின் பெயரை ‘தடநேரச் சமபங்கீடு’ என்று இட்டிருக்கிறேன். கீழே குறிப்பு: ‘ஒவ்வொரு கருவிக்கும் சம அளவு நேரம். தொலைவிலுள்ள கருவிகளும் பழைய கருவிகளும் முன்பைவிட மெதுவாகலாம்.’

ஆனால் அடுத்த வரியிலேயே `airtime weight: 256` வருகிறது. ஒரு கருவிக்கு இந்த எண்ணைக் கூட்டினால் அதன் நேரமும் கூடுமாம். சுலோசனா அக்கா சொன்ன தேர்தல் ஒதுக்கீட்டைப் போலத்தான். அப்படியானால் பங்கு எப்போதும் சமம் இல்லை. ‘சம’ என்ற முன்னொட்டை எடுத்துவிடவா? எடுத்தால், பெயரை மட்டும் படிப்பவருக்கு இயல்புநிலையில் சமம் என்பது தெரியாமல் போகும். வெள்ளிக்கிழமைவரை கோப்பைத் திறந்தே வைத்திருக்கிறேன்.