புதுப்பிப்பு: முன்கூட்டியே வந்த 36 லட்சம்

முன்பு இங்கே நான் கேட்டது: "ஜனவரியில் கொடையாளரின் 36 லட்சம் மொத்தமாக வந்துவிட்டது. தோட்டத்துக் குடிநீர்த் திட்டம் 18 மாதம். கணக்கு மார்ச் 31இல் முடிகிறது. முழுவதும் இந்த வருட வருமானமா?"

இல்லை. பதில் எழுதிய ஒரு தம்பி மாதம் 2 லட்சமாகப் பிரிக்கச் சொன்னார். செலவு மாதாமாதம் ஒரே அளவாகப் போனால் அது சரிவரும். எங்களுக்கு மார்ச் வரை 5 லட்சம்தான் போனது. அவர் வழியில் 6 லட்சம் வருமானமாகி, இல்லாத ஒரு லட்சம் மிச்சமாகத் தெரியும்.

ஹட்டனில் கணக்காய்வு பார்க்கும் அக்கா சொன்னபடி, வந்த அன்று முழுத்தொகையையும் பிற்போட்ட வருமானமாகப் பொறுப்புப் பக்கம் வைத்தோம். செலவான அளவுக்கு மட்டும் வருமானத்துக்கு மாற்றினோம். மார்ச் 31இல் வருமானம் 5, மீதி 31 லட்சம். அடுத்த வருடப் பாதீடு அந்த 31இல் தொடங்குகிறது: செலவு 24, முடிவு மீதி 7. அது கடைசி மூன்று மாதத்துக்கு. புதுப் பணம் வரவு என்ற வரியில் பூச்சியம்தான். அங்கே 31ஐ மறுபடி எழுதினால் ஒரே பணம் இரண்டு தரம் வந்துவிடும்.

சரிபார்க்க: வங்கியில் 28.5, மேசன்பாஸுக்குக் கொடுத்த முற்பணம் 2.5. கூட்டினால் 31.

நீர்ப்பம்பிதான் இன்னும் இழுபறி. இலங்கைக் கணக்கீட்டு நியமமான LKAS 20 படி அதற்கான பணம் தேய்மானத்தோடு சேர்ந்து வருடாவருடம் வருமானமாகும் என்கிறார் அக்கா. கொடையாளரோ வாங்கிய மாதத்திலேயே முழுச்செலவாகக் கேட்கிறார். நுவரெலியா சேர் ஒருவர் வங்கி வட்டி யாருக்கு என்று கேட்டிருந்தார். ஒப்பந்தத்தைப் பாருங்கள் சேர்.