புதுப்பிப்பு: 72×36×24 அங்குல ஃபோம் பிளாக்கில் குஷன் வெட்டியது

என் கேள்வி: "22×22×4 அங்குல குஷன் 18தான் தேறுது, பாதி ஃபோம் வீணாகுதே?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கன அளவை வகுத்து 32 என்றவரின் கணக்கு சரிதான், ஆனால் முழுத் துண்டாக அத்தனை வராது.

பலித்தது, பிளாக்கைப் பக்கவாட்டில் சாய்க்கச் சொன்ன தையல்கார அண்ணனின் யோசனை. 24 அங்குல உயரத்தில் 6 அடுக்குக்குப் பதில், 36 அங்குல அகலத்தில் 9 அடுக்கு. அடுக்குக்கு 3 வீதம் 27 குஷன். மிச்சம் 15.8 கன அடியிலிருந்து 5.75 ஆகக் குறைந்தது. அதில் 6 அங்குலப் பட்டைகள் கைப்பிடிக்கு ஆயின, 2 அங்குலப் பட்டைகளைப் பிய்த்துத் தலையணைக்குள் அடைத்தேன்.

எதிர்பாராதது: இந்தக் குஷன்கள் கொஞ்சம் மெத்தென்று அமுங்குகின்றன. ஃபோம் பொங்கி எழும் திசையில்தான் விறைப்பு அதிகமாம், நான் அதற்குக் குறுக்கே வெட்டிவிட்டேன். அப்புறம், கத்தி சற்று விலகியதால் ஒன்பதாவது அடுக்கு 3¾ அங்குலம்தான் வந்தது. சீக்கிரம் குழி விழுமா என்பது இன்னும் தெரியவில்லை.