புதுப்பிப்பு: சாயங்காலக் காபி கசந்த கதை

முன்பு கேட்டிருந்தது: "கடை திறந்து மூன்று வாரம் ஆகிறது. சாப்பிட்டவர்கள் குறையையும் மறைக்காமல் சொல்வீர்களா?"

சாயங்காலக் காபி கசக்கிறது என்று நாலு பேர் எழுதினீர்கள். சிக்கரி அதிகம் என்றார் ஒருவர். குறைத்தோம், கசப்பு போகவில்லை. பழைய காபிக்கடைக்காரர் ஒருவர்தான், "காலையில் இறக்கிய டிகாக்‌ஷனைத் திரும்பத் திரும்பச் சுட வைக்கிறீர்களா?" என்று கேட்டார். அதேதான்! இப்போது மூன்று மணிக்குப் புதிதாக இறக்குகிறோம். அடுப்பில் பால் மட்டும்தான் கொதிக்கும்.

இன்னொருவர் வண்டி நிறுத்த இடம் கேட்டிருந்தார். சரி, அதுவும் குறைதான்.

காபி சீக்கிரம் ஆறிவிடுகிறது என்ற புகார் இன்னும் தீரவில்லை. டம்ளரை வெந்நீரில் அலசிப் பார்க்கிறோம். சாயங்காலம் வந்தவர்கள், தோன்றினால் எழுதுங்கள். நட்சத்திரமெல்லாம் வேண்டாம், கசக்கிறதா என்று ஒரு வரி போதும்.