சம்பவ அறிக்கை: எத்தனை வருடம், எங்கே, யார் பார்வைக்கு?

ஈரோடு பக்கம் 60 படுக்கை மருத்துவமனையில் தரப் பிரிவு நர்ஸ் நான். மார்ச்சில் ஒரு பெரியவர் இரவில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். சம்பவ அறிக்கையை அவருடைய கேஸ் ஷீட்டிலேயே கோத்து வைத்துவிட்டோம். உறவினர்கள் நகல் கேட்டபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது, டியூட்டி சிஸ்டர் பெயரோடு. அதிலிருந்து நர்ஸ்கள் சம்பவப் படிவம் எழுதவே பயப்படுகிறார்கள். மாதம் 14 படிவம் வந்த இடத்தில் இப்போது 3. தவறுகள் குறைந்துவிடவில்லை, எழுதுவதுதான் நின்றிருக்கிறது.

இப்போது கேஸ் ஷீட்டில் விழுந்த நேரம், பி.பி., ஸ்கேன், சிகிச்சை மட்டும் எழுதுகிறோம். படிவம் தனியாக என் அறை பீரோவில்; சாவி என்னிடமும் நர்சிங் சூப்பரிண்டெண்டன்ட்டிடமும். கூகுள் ஷீட் போட்டுப் பார்த்தோம், லிங்க் கிடைத்தவர்களெல்லாம் திறந்தார்கள், நிறுத்திவிட்டேன். வார்டு மீட்டிங்கில் பெயர் நீக்கிய சுருக்கத்தை மட்டும் வாசிக்கிறோம்.

காலம்தான் புரியவில்லை. உள்நோயாளி பதிவுகளைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டு வைக்கச் சொல்கிறது 2002 மருத்துவக் கவுன்சில் விதி. நுகர்வோர் வழக்குக்கு 2 ஆண்டு. தக்க காரணம் இருந்தால் தாமதமாகவும் ஏற்பார்கள். சம்பவப் படிவம் பற்றி இரண்டிலும் ஒரு வரி இல்லை.

பெயருள்ள மூலப் படிவத்தை உங்கள் மருத்துவமனையில் எத்தனை ஆண்டு வைத்திருக்கிறீர்கள்?