வினாத்தாள் படம் ஒன்று, விடைத்தாள் எண் வேறு: பிளஸ் டூ கணக்குத் தாளில் எனக்கு நடந்தது

மாடி வகுப்பு

பிளஸ் டூ கணக்குக்கு வீட்டு மாடியில் வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் ஒரு மாணவனின் அம்மா, பள்ளியில் நடந்த திருப்புதல் தேர்வின் விடைத்தாளை 31 படங்களாக வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "மார்க் ரொம்பக் குறைஞ்சிருக்கு, நீங்க ஒரு தடவை திருத்திப் பாருங்க மேடம்" என்றார். வினாத்தாள் படம் மறுநாள் தனியாக வந்தது.

முதலில் ஒரு மதிப்பெண் பகுதியை எடுத்தேன். அ, ஆ, இ, ஈ என்ற குறியீட்டை மட்டும் வினாத்தாளோடு வைத்துப் பார்த்தால் 20-க்கு 4 சரி. மற்ற பகுதிகளில் நன்றாகவே எழுதியிருக்கிற பையன். படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே நாலைந்து சரியாக விழும். அதனால் இது பையனின் தவறு இல்லை, நான் வைத்துப் பார்க்கும் தாள்தான் தவறு என்று தோன்றியது.

நல்லவேளையாக, குறியீட்டுடன் விடையையும் சேர்த்து எழுதச் சொல்வது நம் வழக்கம். அவன் 1-க்கு எதிரே "(ஈ) π/2" என்று எழுதியிருந்தான். படத்தில் உள்ள 1-வது வினாவோ |A| = 4 உள்ள 3×3 அணிக்கு |adj A| என்ன என்று கேட்கிறது. தெரிவுகள் 4, 8, 16, 64. அதில் π/2 எங்கிருந்து வரும்? தேடினால் 11-வது வினாவில் இருந்தது: sin⁻¹(1)-இன் மதிப்பு, (ஈ) π/2. அவனுடைய 11-ஐப் பார்த்தேன். "(இ) 16". அதுதான் படத்தின் 1-வது வினாவுக்கான விடை.

இப்படி விடையின் உள்ளடக்கத்தை வைத்தே 16 வினாக்கள் ஐயமில்லாமல் சேர்ந்துவிட்டன. மிச்சம் நாலு மட்டும் 0, 1, 2 மாதிரியான விடைகள். அவை ஏழெட்டு வினாக்களின் தெரிவுகளில் இருக்கும். ஆனால் சேர்ந்த பதினாறிலும் ஒரே ஒழுங்கு தெரிந்தது. அவனுடைய 1 முதல் 10 வரை படத்தில் 11 முதல் 20. அவனுடைய 11 முதல் 20 வரை படத்தில் 1 முதல் 10. அந்த ஒழுங்கில் மிச்ச நாலையும் உட்கார வைத்தேன்.

அப்புறம்தான் அந்த அம்மாவைக் கேட்டேன். பையன் தன் வினாத்தாளைத் தொலைத்துவிட்டான், படம் பக்கத்து வீட்டு நண்பனுடைய தாளாம். பெரிதாக்கிப் பார்த்தால் தெரிவுகளின் பக்கத்தில் பென்சிலால் டிக் போட்டிருக்கிறது. அந்த டிக்குகளும் இவனுடைய விடைகளும் ஒத்துப்போகவே இல்லை. அதை முதலிலேயே கவனித்திருந்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும். தாளின் வலது மேல் மூலையில்தான் ஏ டைப், பி டைப் என்று அச்சிடுவார்கள். படத்தில் அந்த மூலை வெட்டுப்பட்டுவிட்டது.

இரண்டு மதிப்பெண் பகுதியில் இன்னொரு சிக்கல். பையன் 21, 22 என்று எழுதாமல் "II" என்று தலைப்புப் போட்டு 1, 2, 3 என்று எழுதியிருக்கிறான். இந்த மாதிரி உங்களுக்கு வந்திருக்கிறதா? எப்படிச் சேர்த்தீர்கள்?

கணக்குப் பையன்

இது சுலபம் அக்கா. பிளஸ் டூ கணக்குத் தாளின் அமைப்பு மாறாது. பகுதி I-இல் 1 முதல் 20, பகுதி II-இல் 21 முதல் 30, பகுதி III-இல் 31 முதல் 40, பகுதி IV-இல் 41 முதல் 47. அதனால் II-க்கு அவன் எழுதிய எண்ணோடு 20 கூட்டுங்கள், III-க்கு 30, IV-க்கு 40. நான் டியூஷனில் அப்படித்தான் செய்கிறேன், ஒரு தடவையும் தப்பியதில்லை.

இரண்டு பிள்ளைகளின் அம்மா

பொருத்துக பகுதிக்கு நான் என் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்த வழி இது. இடது பக்கத்தில் உள்ளதை அப்படியே எழுதிவிட்டு, நன்றாகத் தெரிந்த இரண்டை முதலில் சேர்த்துவிட வேண்டும். மிச்சம் தானாக வந்துவிடும். சமூக அறிவியலில் அவளுக்கு அதில் மார்க் போனதே இல்லை.

மாடி வகுப்பு

அம்மா, நான் கேட்டது பொருத்துக வினாவைப் பற்றி இல்லை. வினாத்தாள் தனியாக, விடைத்தாள் தனியாக வந்து, இரண்டிலும் எண்கள் மாறியிருந்தால் எந்த விடை எந்த வினாவுக்கு உரியது என்று கண்டுபிடிப்பதைப் பற்றி. ஆனாலும் நீங்கள் சொன்ன வழி இதற்கும் கொஞ்சம் பொருந்துகிறது. நானும் தெரிந்ததை முதலில் சேர்த்துவிட்டுத்தான் மிச்சத்துக்கு வந்தேன்.

தம்பி, 20 கூட்டித்தான் நானும் ஆரம்பித்தேன். II-இல் 1, 2, 3 சரியாக வந்தன. 7-இல் இடித்தது. படத்தில் 27-வது வினா x² + y² + 6x − 4y + 4 = 0 என்ற வட்டத்தின் மையமும் ஆரமும். அவனுடைய 7-இல் வட்டமே இல்லை. முதல் வரியே |6 − 8i| = 10 என்று இருக்கிறது, கடைசி வரியில் 7-உம் 13-உம் வருகின்றன.

கரும்பலகை

நான் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பல வருடம் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போயிருக்கிறேன்.

தம்பி சொல்வது, மாணவன் வினாத்தாளின் வரிசையிலேயே எண் போட்டிருந்தால் சரி. இந்தப் பையன் அப்படிப் போடவில்லை. பத்தில் ஏழு எழுத வேண்டும், அதில் 30-வது கட்டாய வினா. அவன் எழுதியது ஏழு, அதனால் தான் எழுதிய வரிசைக்கு 1 முதல் 7 வரை எண் கொடுத்திருக்கிறான். முதல் மூன்றை விடாமல் எழுதியதால் 20 கூட்டினால் சரியாக வந்திருக்கிறது. எங்கே ஒரு வினாவை விட்டானோ அங்கிருந்து கணக்கு நழுவும். அவனுடைய 7-வது விடை அநேகமாக 30-வது வினா. |z| = 3 எனில் 7 ≤ |z + 6 − 8i| ≤ 13 எனக் காட்டுக என்று அங்கே இருக்கிறதா பாருங்கள்.

இதில் போவது இரண்டு மதிப்பெண் மட்டும் இல்லை. அந்த விடையை 27 என்று எடுத்தால் விடை தவறு, அதோடு கட்டாய வினா எழுதவில்லை என்றும் ஆகிவிடும்.

எண் குழம்பிய தாள் கைக்கு வந்தால் நான் எண்ணைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவேன். ஒவ்வொரு விடையின் முதல் இரண்டு வரியில் வினாவிலிருந்து எடுத்த எண்கள் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வினாத்தாளில் தேடுவேன். கிடைத்த வினா எண்ணை ஓரத்தில் பென்சிலால் மட்டும் குறிப்பேன். எல்லாம் முடிந்ததும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். இரண்டு விடைகள் ஒரே வினாவில் போய் நின்றால், ஒன்று அடித்துவிட்டுத் திரும்ப எழுதியதாக இருக்கும், இல்லையென்றால் நாம் தப்பாகச் சேர்த்திருப்போம். எந்த வினாவிலும் சேராமல் ஒரு விடை தனியாக நின்றால், வினாத்தாளின் ஒரு பக்கம் படத்தில் வரவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று. "(ii)" என்று ஓரத்தில் இருந்தால் அது பகுதி II-ஆ, உட்பிரிவா என்று மேலே நாலு வரி போய்ப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

மாடி வகுப்பு

ஆமாம் சார், 30-இல் நீங்கள் சொன்ன அதே வினாதான் இருக்கிறது. வட்டத்தை அவன் "5" என்று எழுதியிருக்கிறான். ஆனால் அதில் கடைசி +4-ஐ −4 என்று எடுத்துவிட்டான். மையம் (−3, 2) சரியாக வருகிறது, ஆரம் 3-க்குப் பதில் √17. முதலில் இது வேறு வினாவோ என்று மலைத்துப்போனேன். தாளில் வேறு வட்டச் சமன்பாடு எதுவும் இல்லை, மற்ற உறுப்புகள் அப்படியே இருக்கின்றன. அதனால் பார்த்து எழுதும்போது குறி மாறிவிட்டது என்று முடிவு செய்தேன்.

ஒரு மதிப்பெண்ணில் ஒன்று கேட்க வேண்டும். அவனுடைய 13, படத்தின் 3-வது வினா. அவன் "(அ) 1" என்று எழுதியிருக்கிறான். படத்தில் 1 என்பது (இ)-இல் இருக்கிறது. விடை சரி, குறியீடு தப்பு. என்ன செய்வது?

கரும்பலகை

பொதுத்தேர்வு விடைக்குறிப்பில் குறியீடு, விடை இரண்டில் ஒன்று தவறானாலும் பூஜ்யம் என்று பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் கையில் இருப்பது அவனுடைய தாள் இல்லை. அந்த ஒரு வினாவில் தெரிவுகளின் வரிசையையும் மாற்றி அச்சிட்டிருந்தால் அவன் எழுதியது முழுக்கச் சரி. பி டைப் தாளைப் பார்க்காமல் அதற்கு மதிப்பெண் போடவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா

இப்போது புரிந்தது. எங்கள் வீட்டிலும் இது நடந்தது. பெரியவன் பத்தாவது கணக்குத் தேர்வில் வரைபடத்தாளில் வினா எண்ணே எழுதாமல் கடைசியில் கட்டிக் கொடுத்துவிட்டான். விடைத்தாளைப் படம் எடுத்தபோது அந்தத் தாள் மட்டும் தனியாக வந்தது. 44-இல் அ, ஆ இரண்டுமே வரைபடம். வலது மேல் மூலையில் அளவுத்திட்டத்துக்குக் கீழே சமன்பாட்டை எழுதியிருந்தான், அதை வைத்துத்தான் (ஆ) என்று அவன் அப்பா கண்டுபிடித்தார். அந்த ஒரு வரி இல்லையென்றால் வளைகோட்டிலிருந்து புள்ளிகளை எடுத்துத்தான் பார்த்திருக்க வேண்டும்.

கணக்குப் பையன்

சரி சார், விட்டு எழுதும் பகுதிக்கு என் வழி உதவாது என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பகுதி IV-இல் ஏழும் எழுத வேண்டும், அங்கே 40 கூட்டினால் போதும்தானே?

மாடி வகுப்பு

எண்ணுக்குப் போதும் தம்பி. அ, ஆ-வுக்குப் போதாது. அவன் "5" என்று மட்டும் எழுதியிருக்கிறான். 45 (அ) மக்கள்தொகைப் பெருக்கம், (ஆ) கதிரியக்கச் சிதைவு. அவனுடைய விடையில் இரண்டே வரிதான்:

dA/dt = kA
A = Ce^(kt)

அதோடு நிறுத்திவிட்டான். கொடுத்த எண் ஒன்றைக்கூட எடுத்து எழுதவில்லை.

கணக்குப் பையன்

சிதைவு என்றால் −k போட்டிருப்பான். அதனால் இது (அ).

கரும்பலகை

அப்படிச் சொல்ல முடியாது தம்பி. சிதைவுக்கும் kA என்றே எழுதி, கடைசியில் k குறை எண்ணாக வருவதைக் காட்டும் மாணவர்கள் நிறையப் பேர். இந்த இரண்டு வரிக்கு எந்த வினாவாக இருந்தாலும் படிக்கான மதிப்பெண் ஒரே அளவுதான். நான் அதைப் போட்டுவிட்டு அடுத்த விடைக்குப் போய்விடுவேன்.

மாடி வகுப்பு

பி டைப் தாள் இன்று சாயங்காலம் கிடைத்தது, வேறொரு மாணவியிடமிருந்து வாங்கிவிட்டேன். இந்த முறை மூலையோடு சேர்த்துப் படம் எடுத்தேன். பத்துப் பத்தாக மாற்றியதுதான், நாலும் சரியான இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. 13-இல் தெரிவுகள் ஏ தாளில் உள்ள அதே வரிசையில்தான் இருக்கின்றன, 1 (இ)-யில். அதனால் அது பூஜ்யம். மிச்சம் பத்தொன்பதில் 16 சரி.

45-ஐப் பையனிடமே கேட்டேன். நினைவில்லை என்கிறான். இரண்டு மதிப்பெண் போட்டு, அ, ஆ எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.